வெண்புள்ளியை அழிப்பது கருணை அல்ல

ஜொகூரில் கல்யாணப் படம் எடுப்பவர்களிடமும் ஆல்பம் செய்பவர்களிடமும் ஒரு நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. பெண்ணுக்கோ மாப்பிள்ளைக்கோ தோலில் வெண்புள்ளி இருந்தால், யாரும் சொல்வதற்கு முன்பே அதை அழித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது அந்த நம்பிக்கை. வாய்விட்டுக் கேட்க வீட்டாருக்குக் கூச்சமாக இருக்கும், நாமாகவே புரிந்துகொண்டு செய்துவிட்டால் அவர்கள் மனம் குளிரும் என்பார்கள். இளைய ரீடச் பையன்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்கும்போதே இதைச் சேர்த்துக் கற்றுக்கொடுக்கிறார்கள். பருவை எடு, கண்ணுக்குக் கீழே கருவளையத்தைக் குறை, வெள்ளை இருந்தால் சமன் செய். மூன்றும் ஒரே மூச்சில் வருகின்றன.

இந்த நம்பிக்கை தவறானது. நல்ல எண்ணத்தில் பிறந்தது என்பதால் அது சரியாகிவிடாது. தொழில்நுட்பமாகப் பார்த்தாலும் இது மோசமான வேலை. மனிதரிடம் நடந்துகொள்ளும் முறையாகப் பார்த்தாலும் மோசமான நடத்தை. இதற்கு எதிர்முனையில், வெண்புள்ளி உள்ள படத்தில் எதையுமே தொடக்கூடாது என்று சொல்லும் புதிய கட்சி ஒன்றும் கிளம்பியிருக்கிறது. அவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

வெண்புள்ளி தொற்றுநோய் அல்ல, தொழுநோயோடு அதற்குச் சம்பந்தமும் இல்லை. தோலுக்கு நிறம் தரும் மெலனினை உண்டாக்கும் செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தாக்கி அழிப்பதால், அந்த இடம் நிறம் இழக்கிறது. உலகில் நூறு பேரில் ஒருவருக்கு, அல்லது அதற்குச் சற்றுக் கூடவோ குறையவோ, இது இருப்பதாக மருத்துவர்கள் கணக்கிடுகிறார்கள். எல்லா இனத்தாருக்கும் வருகிறது. மாநிறத் தோலில் பளிச்சென்று தெரிகிறது. தமிழ்ப் படங்களிலும் நடித்த மம்தா மோகன்தாஸ் 2023 ஜனவரியில் தனக்கு வெண்புள்ளி வந்திருப்பதைத் தானே படம் போட்டு ஊருக்குச் சொன்னார். ஒப்பனையும் ஒளியும் தொழிலாகக் கொண்ட ஒரு நடிகை தன் தோலைப் பற்றித் தானே முடிவெடுத்துச் சொல்ல முடிகிறது. ஆனால் நம்மூர் மணப்பெண்ணுக்கு அந்த முடிவைக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பையன் எடுத்துவிடுகிறான்.

"பருவை எடுக்கிறோமே, அதை மட்டும் யாரைக் கேட்டு எடுக்கிறோம்?" என்பது இவர்கள் அடிக்கடி எடுத்துவைக்கும் வாதம். இதற்குப் பதில் தொழிலுக்குள்ளேயே இருக்கிறது. எங்கள் தொழிலில் பழைய வழக்கம் ஒன்று உண்டு: சில வாரம் கழித்தும் முகத்தில் இருக்கக்கூடியது எதுவோ அதை விட்டுவிடு, சில வாரத்தில் போய்விடுவதை எடுக்கலாம். பரு, கொசுக்கடி, தூக்கமில்லாத கண், நெற்றியில் மாலை உரசிய சிவப்பு ஆகியவை போய்விடும். மச்சம், தழும்பு, கன்னக்குழி இருக்கும். மச்சத்தை யாரும் கேட்காமல் எடுப்பதில்லை. எடுத்துவிட்டால் "இது என் பெண் இல்லையே" என்று தாயே சொல்லிவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். வெண்புள்ளி இந்த இரண்டாவது கூட்டத்தைச் சேர்ந்தது. அதைப் பருவோடு சேர்ப்பவர்கள் தங்கள் தொழிலின் விதியையே மீறுகிறார்கள்.

"வெண்புள்ளி மாறிக்கொண்டே இருக்குமே, பரவலாம், குறையலாம், அப்புறம் அது எப்படி நிரந்தரம்?" என்று கேட்பவர்கள் உண்டு. மாறும் என்பது உண்மைதான். ஆனால் அந்த மாற்றத்துக்கு மாதங்களும் ஆண்டுகளும் பிடிக்கும். குழந்தையின் முகமும்தான் ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. கல்யாணப் படம் ஒரு தேதியிட்ட பதிவு, அந்த நாளில் அந்த முகம் எப்படி இருந்தது என்பதுதான் அதில் இருக்க வேண்டும்.

இந்த மாற்றத்தில்தான் ரீடச் செய்பவர்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. இதற்காகவே இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

வெண்புள்ளிக்குத் தரப்படும் சிகிச்சைகளில் முக்கியமானது 311 நானோமீட்டர் அளவில் உள்ள குறுகிய புற ஊதா ஒளி. மருத்துவமனைக்கு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போய், ஒளிப்பெட்டிக்குள் சில நிமிடம் நின்றுவிட்டு வர வேண்டும். பலன் கண்ணுக்குத் தெரியவே மூன்று மாதத்துக்கு மேல் ஆகலாம். முழுச் சிகிச்சை ஆறு மாதம், ஒரு வருடம் என்று நீளும். முகம் நன்றாக இணங்கும். விரல் நுனியும் உதடும் பெரும்பாலும் இணங்காது. நிறம் திரும்பும்போது சுவரில் சாயம் அடித்ததுபோல் ஒரேயடியாகத் திரும்புவதில்லை. மயிர்க்கால்களில் ஒளிந்திருக்கும் நிறச்செல்கள் முதலில் விழித்தெழுகின்றன. அதனால் வெள்ளைத் தோலின் நடுவே ஊசிமுனை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள் தோன்றுகின்றன. அவை மெல்லப் பெரிதாகி, ஒன்றோடொன்று சேர்ந்து பரப்பை மூடுகின்றன.

இப்போது ரீடச் செய்பவரின் கண்ணால் இதைப் பாருங்கள். வெள்ளையான ஒரு திட்டு, அதில் பழுப்பாக எட்டுப் பத்துப் பொட்டுகள். அவர் பயிற்சி பெற்ற கண்ணுக்கு அவை கரும்புள்ளிகள். Healing Brush-ஐ எடுத்து, பக்கத்து வெள்ளைத் தோலை மாதிரியாக வைத்து, ஒவ்வொன்றாகத் தட்டித் துடைத்துவிடுகிறார். வெண்புள்ளியைத் தொடவே மாட்டேன் என்று மரியாதையோடு விலகி நிற்பவர்கூட, "உள்ளே இருக்கும் அழுக்கை மட்டும் எடுத்தேன்" என்று இதைச் செய்கிறார். அவர் துடைத்தெறிந்தது அந்தப் பெண் மாதக்கணக்கில் வேலைக்கு லீவு போட்டு, பேருந்து ஏறி, ஒளிப்பெட்டிக்குள் நின்று சம்பாதித்த நிறம். கண்ணாடி முன் நின்று தினமும் அவள் எண்ணிப் பார்ப்பது அந்தப் பொட்டுகளைத்தான். ஆல்பம் வீட்டுக்கு வந்ததும் முதலில் தேடுவதும் அவற்றைத்தான்.

இதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தால், அந்தப் பழுப்புப் பொட்டு ஒவ்வொன்றின் நடுவிலும் பெரும்பாலும் ஒரு மயிர்க்கால் இருக்கும். ஓரம் மென்மையாக இருக்கும், நிறம் சுற்றியுள்ள அவளுடைய சொந்த மாநிறத்தோடு ஒத்துப்போகும், சில சமயம் அதைவிடச் சற்று அழுத்தமாகவும் இருக்கும். கரும்பரு என்றால் மேடு தெரியும், ஒரு பக்கம் நிழல் விழும். சந்தேகமாக இருந்தால் தொடாதீர்கள். திட்டின் விளிம்பில் சில சமயம் மாநிறமும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ஒரு இடைநிறப் பட்டை ஓடும். அதையும் "மங்கலாக இருக்கிறது" என்று கூர்மையாக்குகிறார்கள், அல்லது இன்னும் மங்கலாக்குகிறார்கள். அந்தப் பட்டையும் நோயின் போக்கைச் சொல்லும் அடையாளம். அதற்கு அழகு பார்க்கும் வேலை நமக்கு இல்லை.

சமன் செய்யும் வேலை எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கடைகளில் இரண்டு வழி பார்த்திருக்கிறேன். ஒன்று, திட்டின் மேல் பழுப்பு பூசுவது. புதிய லேயர் போட்டு, அதை Multiply ஆக்கி, பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்துத் தடவுகிறார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் சரியாகிவிட்டதுபோல் தெரியும். அச்சில் பெரிதாக்கினால் அந்த இடம் களிமண் தடவியதுபோல் சாம்பலடித்துக் கிடக்கும். மாநிறத் தோல் ஒரே நிறமல்ல. வரியில் கருமை, மேட்டில் பொன்மை, அடியில் ரத்தச் சிவப்பு என்று அது பல நிறம். விரல் மூட்டுகளில் இது இன்னும் மோசமாகத் தெரிகிறது. மாநிறக் கையில் மூட்டுச் சுருக்கங்கள் மற்ற இடத்தைவிடக் கறுத்திருக்கும். பூசிய கையில் அந்தக் கருமை இருக்காது, எல்லா மூட்டும் ஒரே நிறத்தில் இருக்கும், பார்ப்பவருக்குக் கையுறை போட்டதுபோல் தோன்றும். திட்டுக்குள் இருக்கும் நரைத்த ரோமமும் இமைமயிரும் வெள்ளையாகவே நின்று காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது வழி சோம்பேறி வழி, அதனாலேயே அதிகம் புழங்குகிறது. திட்டைக் கறுப்பாக்குவதற்குப் பதிலாக முகம் முழுவதையும் வெளுத்துவிடுகிறார்கள். சில மென்பொருள்களில் தோல் நிறத்துக்கென்றே Uniformity என்ற அளவைக் கம்பி இருக்கிறது. அதை இழுத்தால் மாநிறம் மேலே ஏறி, வெள்ளை கீழே இறங்கி, இரண்டும் நடுவில் சந்திக்கும். முடிவில் அந்தப் பெண்ணின் மாநிறமும் போய்விடுகிறது, வெண்புள்ளியும் போய்விடுகிறது, அவளுடைய தாயின் தோலோடும் அண்ணனின் தோலோடும் ஒட்டாத ஒரு மூன்றாவது நிறம் வந்துவிடுகிறது. குடும்பப் படத்தில் அவள் மட்டும் வேறு வீட்டுப் பெண்போல நிற்கிறாள். கறுப்பு அழகல்ல என்று நம் சமூகம் நெடுநாளாய்ச் சுமக்கும் நோயும் வெண்புள்ளிமேல் உள்ள பயமும் இங்கே ஒரே கம்பியில் கைகோக்கின்றன. இதைக் கருணை என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அதோடு, ஒரு கல்யாணத்தில் முந்நூறு நானூறு படம் கொடுக்கிறோம். பெரிதாக்கி மாட்டும் இருபது படத்தில்தான் கையால் பூச நேரம் இருக்கும். மீதியில் பூச்சு இருக்காது, வீடியோவில் எப்படியும் இருக்காது. ஆல்பத்தின் ஒரு பக்கத்தில் ஒரே நிறக் கை தாலிக்குக் குனிகிறது, அடுத்த பக்கத்தில் அதே கை வெள்ளை விரலோடு அட்சதை வாங்குகிறது. மறைக்க வேண்டிய ஒன்று இருந்தது என்று ஊருக்கே அறிவிக்கும் ஆல்பம் அதுதான். எதையும் மறைக்காத ஆல்பத்தைப் பார்ப்பவர்கள் இரண்டு பக்கம் புரட்டியதும் விரலை மறந்து பெண்ணின் சிரிப்பைப் பார்க்கிறார்கள்.

இனி எதிர்க்கட்சிக்கு வருகிறேன். "எதையும் தொடாதே, கேமரா கண்டது அப்படியே இருக்கட்டும்" என்பவர்கள், கேமரா நடுநிலையான சாட்சி என்று நினைக்கிறார்கள். அது நடுநிலை அல்ல. மெலனின் சிவப்பு ஒளியைவிட நீல ஒளியை அதிகம் விழுங்குகிறது. அதனால் ஒரே படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்துப் பார்த்தால், சிவப்பில் வெண்புள்ளி மங்கலாகவும் நீலத்தில் வெட்டி ஒட்டியதுபோலவும் தெரியும். நேரடி ஃபிளாஷ் அடித்தால் இந்த வேறுபாடு கூர்மையாகும். மாநிறத் தோலுக்கும் வெண்புள்ளிக்கும் இடையே வெளிச்சத்தில் ஒரு ஸ்டாப், ஒன்றரை ஸ்டாப் வித்தியாசம் எளிதாக இருக்கும். மாநிறத்துக்கு அளவு வைத்து எடுத்தால் திட்டு வெடித்து, தோலின் வரிகள் எதுவுமில்லாத காகிதமாகிவிடும். நேரில் அது காகிதமல்ல. அங்கும் மயிர்க்கால் உண்டு, ரேகை உண்டு, இளஞ்சிவப்பாய் ரத்த ஓட்டம் உண்டு. கேமரா அழித்ததை மீட்டுக் கொடுப்பது பொய்யாகாது.

ஒளியின் நிறமும் இப்படித்தான். அரக்கு நிறப் பட்டுச்சேலை மடியில் கை வைத்து உட்கார்ந்தால், சேலையின் சிவப்பு கையில் தெறிக்கும். மாநிறத் தோல் அதை மறைத்துக்கொள்ளும், வெண்புள்ளி மறைக்காது. விரல்கள் ரோஜா நிறமாகத் தெரியும். வாழை மரம் கட்டிய பந்தலில் பச்சை ஏறும். ஜொகூர் பாரு இராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலில் படம் எடுத்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். சுவரெங்கும் பதித்த வண்ணக் கண்ணாடித் துண்டுகள் ஃபிளாஷைச் சிதறடித்து, கன்னத்தில் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் சிவப்பும் தெளிக்கும். மற்றவர் முகத்தில் அது கண்ணில் படாது. வெண்புள்ளி உள்ள முகத்தில் திட்டுக்கு ஒரு நிறமாக நிற்கும். அதை எடுப்பது மரியாதை, விட்டுவைப்பது அலட்சியம்.

ஆக, எதை எடுப்பது, எதை விடுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் கோடு இது. திட்டின் எல்லையும், திட்டுக்கும் தோலுக்கும் உள்ள இயல்பான நிற வேறுபாடும், உள்ளே இருக்கும் பழுப்புப் பொட்டுகளும், நரைத்த ரோமமும் அவளுடையவை. வெடித்த வெளிச்சமும், சேலையிலிருந்து தெறித்த நிறமும், அன்றைய வெயில் சிவப்பும், வேர்வைப் பளபளப்பும் அந்த நேரத்துடையவை. முதல் கூட்டத்தை அவள் சொன்னால் மட்டுமே தொடுவேன். இரண்டாவது கூட்டத்தை என் வேலையாக நினைத்துச் சரிசெய்வேன்.

ஒரு கல்யாணத்தை வைத்து இதை விளக்கினால் தெளிவாகும். பெண் கூலாய் பக்கம். வாயின் இரு ஓரத்திலும் சிறிய திட்டு, இடது கண்ணிமையில் ஒன்று, அதில் இமைமயிரும் பாதி வெள்ளை. தாடையோரம் காசளவில் ஒரு திட்டு, அதற்குள்தான் நான் சொன்ன பழுப்புப் பொட்டுகள். இரண்டு கை விரல்களும் இரண்டாம் மூட்டு வரை வெள்ளை. கல்யாணத்துக்கு முந்திய வாரம் டாங்கா பே கடற்கரையில் வெளிப்புறப் படம் எடுத்தோம். மெலனின் இல்லாத தோலுக்கு வெயிலைத் தாங்கும் குடை கிடையாது. அரை மணி நேரத்திலேயே தாடைத் திட்டும் விரல்களும் சிவந்துவிட்டன.

அம்மா என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்: "தம்பி, ஆல்பம் மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரங்க எல்லார் கைக்கும் போகும். நீங்களே பார்த்துப் பூசி விட்டுருங்க. பிள்ளைகிட்ட கேக்க வேணாம், மனசு கஷ்டப்படும்." அவர் கெட்ட மனத்தோடு சொல்லவில்லை. ஊர்ப் பேச்சை வாங்கி வாங்கி அலுத்துப்போன தாய் அவர். ஆனால் முகம் அவருடையதல்ல. நான் பெண்ணிடம் மறைக்காமல் கேட்டேன். இரண்டு மாதிரி அச்சுப் போட்டுக் காட்டினேன். ஒன்று எதுவும் செய்யாத படம், மற்றொன்று வெளிச்சமும் வெயில் சிவப்பும் மட்டும் சரிசெய்தது. மூன்றாவதாக முழுக்கச் சமன் செய்த படத்தை நான் தயாரித்துக் காட்டவில்லை. அதைத் தட்டில் வைத்து நீட்டுவதே "இப்படியும் இருந்திருக்கலாம்" என்று சொல்வதாகிவிடும். வேண்டுமென்றால் அவளே கேட்கலாம் என்று வாயால் சொன்னேன். அவள் இரண்டாவதைக் கையில் எடுத்து, "இதுதான் அண்ணே. வெயில்ல செவந்தது மட்டும் நான் இல்ல. தாடையில உள்ளதை மட்டும் தொட்டுராதீங்க, அது இப்பத்தான் வந்துகிட்டு இருக்கு" என்றாள்.

கண்ணிமையும் வாயோரமும் வேறு விஷயம். முகூர்த்தத்துக்கு ஒப்பனைக்காரர் அவளுடைய விருப்பப்படி இமைக்கு மை தீட்டி, வாயோரத்துக்கு மறைக்கும் பூச்சு போட்டிருந்தார். மண்டபத்தின் வெக்கையில் பத்து மணிக்கெல்லாம் வாயோரப் பூச்சு வேர்வையில் திட்டுத்திட்டாகக் கரைந்துவிட்டது. பாதி பூச்சு, பாதி தோல். இங்கே "இயற்கையாக விட்டுவிடு" என்பவர்களின் பேச்சு எடுபடாது. அவள் அன்று எப்படித் தெரிய வேண்டும் என்று முடிவெடுத்துத்தான் ஒப்பனை செய்துகொண்டாள். கலைந்த பூச்சை, காலையில் பூசியவுடன் எடுத்த படத்தைப் பார்த்து அதே அளவுக்கு மீட்டுக் கொடுத்தேன். கையில் அவள் எதுவும் பூசிக்கொள்ளவில்லை, அதனால் கையில் நானும் எதுவும் பூசவில்லை. முடிவு அவள் கையில் இருக்கிறதா என்பது ஒன்றே கேள்வி. மறைப்பது எப்போதும் தவறு என்று நான் சொல்லவே இல்லை.

செய்த வேலை இவ்வளவுதான். எடுக்கும்போதே RAW-ஆக எடுத்து, மாநிறத்துக்கு அளவு வைக்காமல் திட்டு வெடிக்காத அளவுக்கு வெளிச்சத்தைக் கட்டிப்போட்டேன். மாநிறத்தைப் பிறகு நிழல் பகுதியை ஏற்றி மேலே கொண்டுவந்தேன். ஒவ்வொரு இடம் மாறும்போதும் முகத்துக்கும் கைக்கும் பக்கத்தில் சாம்பல் அட்டை வைத்து ஒரு படம். வெள்ளை நிறச் சமநிலைக்கு அந்த அட்டையைத்தான் தொட வேண்டும். சிலர் வெண்புள்ளியையே வெள்ளை என்று நினைத்து அதைத் தொடுகிறார்கள். அது வெள்ளையல்ல, இளஞ்சிவப்பு கலந்த தோல்நிறம், தொட்டால் படம் முழுக்க நீலப்பச்சையாகச் சாயும். பிறகு திட்டுகளை மட்டும் தேர்ந்தெடுத்து வெளிச்சத்தை அரை ஸ்டாப்புக்குள் இறக்கினேன், வரிகள் திரும்பிவந்தன. அதற்கு மேல் இறக்கினால் திட்டு சாம்பலாகிவிடும். அதுதான் நிறுத்த வேண்டிய அடையாளம். வெயில் சிவப்பை, அதே திட்டு நிழலில் எடுத்த சாம்பல் அட்டைப் படத்தில் எந்த நிறத்தில் இருந்ததோ அதற்குக் கொண்டுபோனேன், பக்கத்து மாநிறத்துக்கு அல்ல. சேலைச் சிவப்புக்கும் இதே முறைதான்.

எங்கும் மங்கலாக்கும் கருவியைத் தொடவில்லை. தோலை நிறம் ஒரு லேயர், வரி ஒரு லேயர் என்று பிரித்து வேலை செய்வது கல்யாணப் படங்களில் வழக்கம். சாதாரணத் தோலுக்கு அது நல்ல முறை. வெண்புள்ளியில் நிற லேயரை மங்கலாக்கினால் எல்லை கரைந்து, அடிபட்டுக் கன்றிய இடம்போல் நிற்கும். கடைசியில் பழைய படத்தையும் புதிய படத்தையும் மாற்றி மாற்றிக் காட்டிப் பார்த்தேன். திட்டின் எல்லை எங்காவது துளி நகர்ந்தாலும் வேலை தவறிவிட்டது என்று அர்த்தம்.

வெண்புள்ளியைக் கலைப்படமாக்குபவர்களையும் இங்கே சொல்லியாக வேண்டும். கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது நீலத்தைத் தூக்கி, சிவப்பை இறக்கி, கூர்மையைக் கூட்டி, திட்டுகளை உலக வரைபடம்போல் எழுப்பிக் காட்டுகிறார்கள். பெருமைப்படுத்துவதாக எண்ணம். கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டை ஏற்றிக் காட்டுவதும் திருத்தல்தான். அழிப்பவரைப் போலவே இவரும் அந்தப் பெண்ணைக் கேட்கவில்லை. கறுப்பு வெள்ளை வேண்டுமென்றால் வண்ணப் படத்தில் தெரியும் வேறுபாட்டைப் பக்கத்தில் வைத்து, அதே அளவில் நிறுத்த வேண்டும்.

"பணம் கொடுப்பவர் கேட்பதைச் செய்வதுதானே தொழில்?" என்பவர்களுக்கு ஒரு கேள்வி. வரன் பார்க்கக் கொடுக்கும் படத்தில் இதைச் செய்தால் என்ன ஆகும்? சமன் செய்த படம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறது, அவர்கள் நேரில் வருகிறார்கள், பெண் காப்பித் தட்டை நீட்டும்போது விரலைப் பார்த்து வீட்டுக்குள் ஒரு மௌனம் விழுகிறது. படம் எடுத்தவர் அந்த அறையில் இல்லை. பணம் கொடுத்த தகப்பனாருக்குச் சங்கடம், அவளுக்கு அவமானம். உண்மையான படம் போயிருந்தால், வேண்டாம் என்பவர்கள் வந்திருக்கவே மாட்டார்கள், வந்தவர்கள் தெரிந்தே வந்திருப்பார்கள். அடையாளப் படங்களிலோ இதற்கு இடமே இல்லை. நம் அடையாள அட்டைக்குத் தேசியப் பதிவுத் துறையும் கடப்பிதழுக்குக் குடிநுழைவுத் துறையும் பெரும்பாலும் முகப்பிலேயே படம் எடுத்துக்கொள்கின்றன; வெளியில் எடுத்துக் கொடுக்கும் படங்களுக்கும் திருத்தக்கூடாது என்பதே உலகெங்கும் உள்ள நெறி. நார்வே 2022 ஜூலை முதல், விளம்பரப் படத்தில் உடலையோ தோலையோ திருத்தியிருந்தால் அதை அறிவிக்க வேண்டும் என்று சட்டமே வைத்திருக்கிறது. வீட்டு ஆல்பத்துக்கு அந்தச் சட்டம் வராது. ஆனாலும் தோலைத் திருத்துவது சின்ன விஷயமல்ல என்று ஒரு நாடு எழுதிவைத்திருப்பதை நம் கடைகள் அறிந்திருக்க வேண்டும்.

வெண்புள்ளிக்குச் சிகிச்சை எடுப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மருத்துவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டுத்தான் பலனை அளக்கிறார். கைப்பேசியின் பியூட்டி மோட் முகத்தை மெழுகும்போது பழுப்புப் பொட்டுகளைத்தான் முதலில் விழுங்கும். அதை அணைத்துவிட்டு, ஒரே ஜன்னல் பக்கம், ஒரே தூரத்தில் எடுங்கள். ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டால் திருத்தாத கோப்பையும் கேட்டு வாங்குங்கள்.

ஜொகூரில் உள்ள நம் ஸ்டூடியோக்கள் நாளையே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. முன்பதிவுத் தாளில் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், முகூர்த்த நேரம் என்று கேட்கும் இடத்துக்குக் கீழே மூன்று வரி சேர்க்கலாம். தோலில் மச்சம், தழும்பு, வெண்புள்ளி, பிறவி அடையாளம் எதையாவது படத்தில் குறைக்க வேண்டுமா, அப்படியே விட வேண்டுமா? ஒப்பனையால் மறைத்ததை மறைந்தபடியே வைக்க வேண்டுமா? இதற்குப் பதில் சொல்பவர் படத்தில் இருப்பவர்தானா? மூன்றாவது வரியில் மணமக்கள் தனித்தனியே கையெழுத்திட வேண்டும், பெற்றோர் அல்ல. எல்லோருக்கும் ஒரே தாள் என்பதால் யாரையும் தனியாகச் சுட்டிக் கேட்கும் சங்கடமும் இல்லை. பதில் எழுதாமல் விட்டிருந்தால், விட்டுவிடுங்கள் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். விட்ட திட்டைப் பிறகு கேட்டால் அரை மணி நேரத்தில் குறைத்துக் கொடுக்கலாம். அழித்து, அச்சாகி, தோல் அட்டை போட்டு, உறவுக்காரர் வீடு முப்பதுக்குப் போன ஆல்பத்தைத் திருப்பி வாங்க முடியாது.